தண்ணீர்க் கட்டணத்தை இனி எப்படிப் பிரிக்கப் போகிறோம்: பொருளாளரின் கடிதம்

அன்புள்ள குடியிருப்போருக்கு,

வணக்கம். வரும் ஜூன் மாதக் கணக்கிலிருந்து நம் குடியிருப்பில் தண்ணீர்க் கட்டணம் பிரிக்கும் முறை மாறுகிறது. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் அன்றைக்குக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பலர். வந்தவர்களிலும் சிலர் “எங்கள் வீட்டுக்கு ஏன் கூடுகிறது, பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைகிறது?” என்று தொடர்ந்து கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் ஏப்ரல் மாதக் கணக்கை அப்படியே எடுத்துவைத்து, எந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது, யார் தலையில் போய் விழுகிறது என்று விளக்குகிறேன்.

நம்மிடம் 40 வீடுகள் இருக்கின்றன. 650 சதுர அடியில் ஒரு பெட்ரூம் வீடுகள் 10, ஆயிரம் சதுர அடியில் இரண்டு பெட்ரூம் வீடுகள் 20, 1,350 சதுர அடியில் மூன்று பெட்ரூம் வீடுகள் 10. எல்லாம் சேர்த்து 40,000 சதுர அடி. கட்டடத்தை பில்டர் நம்மிடம் ஒப்படைத்த நாளிலிருந்து மெயின்டனன்ஸைப் போலவே தண்ணீர்ச் செலவையும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரித்து வந்தோம். போர்வெல்லில் தாராளமாகத் தண்ணீர் வந்த வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டார் ஓடும் கரண்ட் செலவுதானே, அதை எப்படிப் பிரித்தால் என்ன என்று விட்டுவிட்டோம். லாரித் தண்ணீர் அன்றாடச் செலவாக மாறிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

ஏப்ரல் கணக்கைப் பார்ப்போம். அந்த மாதம் தினம் ஒரு லாரி வந்தது. 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு 1,500 ரூபாய், 30 லாரிக்கு 45,000 ரூபாய். போர்வெல்லில் 1,65,000 லிட்டர் எடுத்தோம். அதற்கு மோட்டார் கரண்டும் சாஃப்ட்னர் உப்பும் சேர்த்து 3,900 ரூபாய் ஆனது. இவை தவிர மோட்டார் பராமரிப்பு ஒப்பந்தம், பிளம்பரின் மாதச் சம்பளம், சம்பும் மேல்நிலைத் தொட்டியும் கழுவுவதற்காக மாதாமாதம் ஒதுக்கும் தொகை, மீட்டர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு 12,100 ரூபாய். ஆக மொத்தம் 61,000 ரூபாய். குடிநீர் வாரியத்துக்கு நீங்கள் தனித்தனியாகக் கட்டும் வரியும் கேன் தண்ணீரும் இதில் சேராது.

பழைய முறைப்படி இந்த 61,000 ரூபாயைச் சதுர அடிக்குப் பிரித்தால் சிறிய வீட்டுக்கு 991 ரூபாய், நடுத்தர வீட்டுக்கு 1,525 ரூபாய், பெரிய வீட்டுக்கு 2,059 ரூபாய் வரும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் பிடித்தார்கள் என்பதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே கிடையாது. மூன்று பெட்ரூம் வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருந்தாலும் 2,059 ரூபாய்தான். ஒரு பெட்ரூம் வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் 991 ரூபாய்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரரும் முழுத்தொகையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய வீடு என்றால் தண்ணீரும் கூடத்தானே போகும் என்று சிலர் சொல்கிறார்கள். போகும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குப் போகாது. வீட்டில் தண்ணீர் போகும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: குளியல், கழிப்பறை, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, சமையல். எல்லாமே ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. வீட்டின் அளவைப் பொறுத்தது தரை துடைப்பது ஒன்றுதான். ஆயிரம் சதுர அடி வீட்டைவிட 1,350 சதுர அடி வீட்டைத் துடைக்கக் கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர் போகும் என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு 500 லிட்டரைத் தாண்டாது. மூன்று பாத்ரூம் இருக்கிறது என்பதற்காக இரண்டு பேர் மூன்று முறை குளிப்பதில்லை. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் கையேட்டிலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கு. சதுர அடிக்கு இவ்வளவு என்று அதில் இல்லை.

அப்படியானால் ஆள் கணக்கில் பிரித்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்து ஒரு மாதம் தங்கினால் கணக்கில் சேர்ப்பதா? வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பவரை முழு ஆளாக எண்ணுவதா, அரை ஆளாகவா? கைக்குழந்தையை என்ன செய்வது? வாடகைக்கு நான்கு பேர் என்று சொல்லி வந்தவர்கள் ஆறு பேராக இருந்தால் கதவைத் தட்டி யார் கேட்பது? மாதாமாதம் ஒருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வேலையைச் சங்கம் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயற்குழுவும் அதையே நினைத்தது. அதனால்தான் சென்ற ஆண்டு மீட்டர் பொருத்துவது என்று முடிவெடுத்தோம்.

மீட்டர் என்றவுடன் வீட்டுக்கு ஒன்று என்று பலர் நினைத்தார்கள். நம்முடையதைப் போன்ற கட்டடங்களில் அது நடக்காது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரே குழாய் வீட்டுக்குள் நுழைந்து பிரிவதில்லை. சமையலறைக்கு ஒரு குழாய், துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று என்று டக்ட் வழியாகத் தனித்தனியாக இறங்குகின்றன. நம் கட்டடத்தில் சிறிய வீட்டுக்கு 3, நடுத்தர வீட்டுக்கு 4, பெரிய வீட்டுக்கு 5 வழிகள். ஆக 160 மீட்டர்கள் தேவைப்பட்டன. உங்கள் வீட்டுக் கணக்கு என்பது இந்த மூன்று, நான்கு அல்லது ஐந்து மீட்டர்களின் கூட்டுத்தொகை. செலவு கூடினாலும் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தண்ணீர் அளவு திடீரென ஏறினால் எந்தக் குழாயில் ஏறியது என்று உடனே தெரிந்துவிடும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சும்மா அளந்து மட்டும் பார்த்தோம். கட்டணத்தில் சேர்க்கவில்லை. அப்போது முதலில் கண்ணில் பட்டது, உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் ஒத்துப்போகவில்லை என்பதுதான். ஏப்ரலில் பில்களின்படி லாரியில் வந்தது 3,60,000 லிட்டர். போர்வெல்லோடு சேர்த்தால் 5,25,000 லிட்டர். ஆனால் 40 வீட்டு மீட்டர்களின் கூட்டல் 4,50,000 லிட்டர்தான். தோட்டம், வாகன நிறுத்தம் கழுவுவது, காவலாளிகளின் கழிப்பறை, சாஃப்ட்னரை அலசுவது ஆகிய பொது உபயோகங்களுக்கான மீட்டர் 25,000 லிட்டர் காட்டியது. மீதி 50,000 லிட்டர் எங்கே?

மீட்டர்கள் சரியில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். லாரியைச் சந்தேகப்பட்டவர் நம் பிளம்பர். சம்பின் உள்நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர். அதாவது தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 200 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் 60 சென்டிமீட்டர் ஏற வேண்டும். லாரி வருவதற்கு முன்பு மோட்டார்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காய்ந்த மூங்கில் கழியைச் சம்பின் தரை தொடும் வரை இறக்கி, நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டார். லாரி காலியானதும் அலை அடங்கும் வரை காத்திருந்து மறுபடியும் அளந்தார். 54 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. அதாவது 10,800 லிட்டர். அடுத்தடுத்து வந்த லாரிகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஒரு லாரிக்கு 1,200 லிட்டர் குறைந்தால் மாதத்துக்கு 36,000 லிட்டர். காணாமல்போன 50,000 லிட்டரில் பெரும்பகுதி நம் சம்புக்குள் வரவே இல்லை.

இப்போது சம்பின் வாயிலில் லாரிக்கென்று ஒரு பெரிய மீட்டர் வைத்திருக்கிறோம். இறங்கும் அளவுக்குத்தான் பணம் என்று தண்ணீர் தருபவரிடம் பேசி முடித்தாயிற்று. ஜூன் கணக்கில் அதன் பலன் தெரியும். இந்தக் கடிதத்தில் உள்ள ஏப்ரல் கணக்கு அதற்கு முந்தையது என்பதால், கொடுத்த பணத்தையும் உண்மையில் இறங்கிய அளவையும் வைத்தே போட்டிருக்கிறேன்.

உண்மையில் உள்ளே வந்தது லாரியில் 3,24,000, போர்வெல்லில் 1,65,000, ஆக 4,89,000 லிட்டர். வீடுகளும் பொது உபயோகமும் போக மீதி 14,000 லிட்டர். இது மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்ததும், மீட்டரில் பதியாமல் நூல் போல ஒழுகியதுமாக இருக்கும். மொத்தத்தில் 100-க்கு 3 லிட்டர் என்ற அளவுக்கு இது எப்போதும் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இது ஒருநாள் 10 லிட்டராகிவிட்டால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இனி பிரிக்கும் முறைக்கு வருகிறேன்.

தண்ணீர்ச் செலவு ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்று, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் நிலையில் கட்டடத்தை வைத்திருப்பதற்கான செலவு. நீங்கள் ஒரு சொட்டுக்கூடப் பிடிக்காவிட்டாலும் இது ஆகும். இன்னொன்று, பிடித்த தண்ணீருக்கான செலவு. முதலாவதைச் சதுர அடிக்குப் பிரிக்கிறோம், இரண்டாவதை மீட்டருக்கு. மாற்றம் முழுவதும் இவ்வளவுதான்.

ஏப்ரலில் லாரிக்கும் போர்வெல்லுக்கும் ஆன செலவு 48,900 ரூபாய். உள்ளே வந்த தண்ணீர் 4,89,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்குச் சரியாக 100 ரூபாய் வருகிறது. வீடுகள் பிடித்த 4,50,000 லிட்டருக்கு 45,000 ரூபாயை அவரவர் மீட்டர்படி வசூலிப்போம். பொது உபயோகமும் கசிவும் சேர்ந்த 39,000 லிட்டருக்கான 3,900 ரூபாயை யார் வீட்டிலும் ஏற்ற முடியாது. தோட்டம் எல்லோருக்கும் பொது. ஆகவே அது பராமரிப்புச் செலவான 12,100 ரூபாயோடு சேர்ந்து 16,000 ரூபாய் ஆகிறது. இதை 40,000 சதுர அடிக்குப் பிரித்தால் சதுர அடிக்கு 40 காசு. சிறிய வீட்டுக்கு 260, நடுத்தர வீட்டுக்கு 400, பெரிய வீட்டுக்கு 540 ரூபாய்.

இந்தப் பகுதியை மட்டும் ஏன் வீட்டுக்குச் சமமாகப் பிரிக்காமல் சதுர அடிக்குப் பிரிக்கிறோம் என்று பெரிய வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். சம்பும் மோட்டாரும் தொட்டியும் நம் எல்லோரின் கூட்டுச் சொத்து. பத்திரத்தில் உங்கள் பெயரில் இருக்கும் பிரிபடாத நிலப் பங்கு வீட்டின் அளவைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. கூட்டுச் சொத்தில் பங்கு அதிகம் உள்ளவர் அதைப் பராமரிப்பதிலும் அதிகம் ஏற்பது நியாயம். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் அந்தப் பங்குப்படிதான் பலன் வரும். பூட்டிய வீட்டுக்காரர்களுக்கும் இதே பதில்தான். உங்கள் வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ வரும்போது குழாயில் தண்ணீர் வந்தால்தான் விலை நிற்கும். அதற்காகத்தான் 400 ரூபாய். முன்பு போல 1,525 ரூபாய் இல்லை.

சில வீடுகளின் ஏப்ரல் கணக்கைப் பெயரும் எண்ணும் சொல்லாமல் தருகிறேன்.

பெரிய வீடு ஒன்றில் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அந்த மாதம் பிடித்தது 7,000 லிட்டர். நிலையான தொகை 540, தண்ணீருக்கு 700, ஆக 1,240 ரூபாய். பழைய முறையில் 2,059. இன்னொரு பெரிய வீட்டில் ஐந்து பேர், 17,000 லிட்டர். அவர்களுக்கு 540-ம் 1,700-ம் சேர்ந்து 2,240 ரூபாய். பழையதைவிடச் சற்றே அதிகம். நடுத்தர வீட்டில் நான்கு பேர், 12,000 லிட்டர், 1,600 ரூபாய். முன்பு 1,525. இவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பெட்ரூம் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

அடிபடுவது, ஆட்கள் அதிகமாக உள்ள சிறிய வீடு. ஒரு பெட்ரூம் வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள். 13,000 லிட்டர் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 லிட்டருக்கும் கீழேதான், அதாவது கையேடு சொல்வதைவிடக் குறைவாக. இவர்களை யாரும் வீணடிப்பவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 991 ரூபாய் கட்டி வந்தவர்கள் இனி 1,560 ரூபாய் கட்ட வேண்டும். சிறிய வீட்டில் இருப்பவர்களுக்கு 569 ரூபாய் சாதாரணத் தொகை இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் செயற்குழுவில் நெடுநேரம் விவாதித்தோம்.

முதல் சில ஆயிரம் லிட்டருக்குக் குறைந்த விலை, அதற்கு மேல் அதிக விலை என்று படி வைத்தால் இவர்களுக்கு உதவுமே என்று தோன்றியது. அதற்கு ஒரு நல்ல அடிப்படையும் இருந்தது. போர்வெல் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 24 ரூபாய்கூட ஆகவில்லை. லாரித் தண்ணீரோ, உண்மையில் இறங்கிய அளவுக்குக் கணக்கிட்டால், 139 ரூபாய் ஆகிறது. நம் நிலத்தடி நீர் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் வீட்டுக்கு நாலாயிரம் லிட்டரைப் போர்வெல் விலைக்கும் மீதியை லாரி விலைக்கும் கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு தலைகீழாக இருந்தது. 7,000 லிட்டர் பிடிக்கும் இரண்டு பேருக்கு அதில் பாதிக்கு மேல் மலிவு விலையில் கிடைக்கிறது. 13,000 லிட்டர் பிடிக்கும் நான்கு பேர் அதில் 9,000 லிட்டரை லாரி விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அவர்களின் தண்ணீர்க் கணக்கு 1,300-க்குப் பதில் சுமார் 1,345 ரூபாயாக ஏறுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று படி வைத்தால் பெரிய குடும்பத்துக்குத் தண்டனையாகிவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று வைத்தால் மறுபடியும் தலை எண்ணும் வேலை. அதனால் எல்லா லிட்டருக்கும் ஒரே விலை என்று வைத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக மாற்றத்தைத் தவணையாகக் கொண்டுவருகிறோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பழைய முறைத் தொகையும் புதிய முறைத் தொகையும் கணக்கிட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை வசூலிப்போம். ஏப்ரல் கணக்கை வைத்துச் சொன்னால் அந்த நால்வர் குடும்பம் 1,276 ரூபாய் கட்டும். இரண்டு பெரியவர்கள் இருக்கும் பெரிய வீடு 1,650 கட்டும். எல்லா வீடுகளுக்கும் இப்படிச் செய்வதால் மொத்த வசூலில் குறை வராது. குறைய வேண்டியவர்கள் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆயிரம் லிட்டர் விலை எல்லா மாதமும் 100 ரூபாயாக இருக்காது. மாதாமாதம் ஆன செலவை வந்த தண்ணீரால் வகுத்துப் போடுவோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துப் போர்வெல் ஊறினால் லாரி குறையும், விலையும் நன்றாக இறங்கும். கோடையில் ஏறும். 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதைப் போல ஒரு வருடம் வந்தால் லாரி விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படி வரும்போது குறைவாகப் பிடித்த வீட்டுக்கு அதன் பலன் நேராகக் கிடைக்க வேண்டும். பழைய முறையில் அதற்கு வழியே இருக்கவில்லை.

குறைத்தவருக்குப் பலன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டு பேர் மட்டும் இருக்கும், இருவரும் வேலைக்குப் போகும் ஒரு நடுத்தர வீட்டில் மார்ச் மாதம் 19,000 லிட்டர் பதிவாகியிருந்தது. மீட்டரில் கோளாறு என்று அவர்கள் சொன்னார்கள். நான்கு மீட்டர்களில் மூன்று ஒழுங்காக இருந்தன, ஒரு பாத்ரூம் குழாய் மட்டும் எகிறியிருந்தது. இரவு 11 மணிக்கு அந்த மீட்டரைப் படம் எடுத்தோம். காலை 5 மணிக்கு மறுபடி எடுத்தோம். யாரும் குழாயைத் திறக்காத அந்த ஆறு மணி நேரத்தில் 90 லிட்டர் ஓடியிருந்தது. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சளைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் விட்டுவைத்தோம். கால்மணி நேரத்தில் கீழே கோப்பைக்குள் மஞ்சள் இறங்கிவிட்டது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கடினமாகி, சரியாக உட்காராமல், சத்தமே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு படிந்து இந்த வாஷர்கள் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன.

ஒரு நாளைக்கு 360 லிட்டர் என்றால் மாதத்துக்கு 10,800 லிட்டர், 1,080 ரூபாய். பழைய முறையில் இந்த 1,080 ரூபாயும் 40 வீடுகளுக்கும் பிரிந்து, அந்த வீட்டுக்கு 27 ரூபாய்தான் போயிருக்கும். 27 ரூபாய்க்காக யார் பிளம்பரைக் கூப்பிடுவார்கள்? வாஷர் மாற்றிய பிறகு ஏப்ரலில் அந்த வீடு 8,000 லிட்டருக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் ஓர் இரவு இந்த மஞ்சள் சோதனையைச் செய்து பாருங்கள். ஜூனுக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.

அப்புறம், மீட்டரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. மீட்டரில் கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டர்களைக் காட்டும், சிவப்புப் பகுதி அதற்குக் கீழே உள்ள லிட்டர்களைக் காட்டும். இரண்டு விதங்களில் இது தவறலாம். மேல்நிலைத் தொட்டி முழுதும் காலியாகிப் பிறகு நிரம்பும்போது குழாயில் அடைந்த காற்று மீட்டரைச் சுழற்றிவிடும். அப்போது அதிகமாகக் காட்டும். தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளும்படி மோட்டார் ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறோம். மறுபக்கம், மணலும் உப்பும் அடைத்தால் மீட்டர் மெதுவாகி நின்றுவிடும், குறைவாகக் காட்டும். அதற்காக ஒவ்வொரு மீட்டருக்கு முன்பும் ஒரு வடிகட்டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளம்பர் கழற்றிக் கழுவுவார்.

உங்கள் மீட்டரில் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். அந்தக் குழாயில் உள்ள மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, 20 லிட்டர் கேனில் ஐந்து முறை தண்ணீர் பிடிப்போம். மீட்டர் 100 லிட்டர் காட்ட வேண்டும். 95-க்குக் கீழோ 105-க்கு மேலோ காட்டினால் சங்கச் செலவில் மாற்றிவிடுவோம். அதுவரை அந்தக் குழாய்க்கு முந்தைய மூன்று மாத சராசரியை எடுத்துக்கொள்வோம். நின்றுபோன மீட்டருக்கும் இதே விதிதான்.

மாதக் கடைசி நாள் மாலையில் சூப்பர்வைசர் ஒவ்வொரு மீட்டரையும் படம் எடுப்பார். டக்ட் கதவுக்கு முன்னால் செருப்பு அலமாரி, செடித்தொட்டி வைத்திருப்பவர்கள் அன்றைக்கு மட்டுமாவது நகர்த்தி வையுங்கள். பில்லில் நிலையான தொகை ஒரு வரியாகவும் தண்ணீர்த் தொகை இன்னொரு வரியாகவும் இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இது வசதி. நிலையான தொகையை உரிமையாளரும் தண்ணீர்த் தொகையைக் குடியிருப்பவரும் ஏற்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். சங்கம் அதில் தலையிடாது, பில் உரிமையாளர் பெயரில்தான் வரும்.

ஏப்ரல் மாத லாரி ரசீதுகள், சம்ப் அளவுக் குறிப்பு, 160 மீட்டர்களின் படங்கள் எல்லாம் சங்க அலுவலகத்தில் கோப்பில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை நான் அங்கே இருப்பேன். உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முதல் பில்லில் தவறு இருப்பதாகத் தெரிந்தால் ஜூலை 15-க்குள் எழுத்தில் கொடுங்கள், அடுத்த மாதக் கணக்கில் சரிசெய்துவிடுவோம்.

இப்படிக்கு,
பொருளாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்